‘சும்மா கணக்குதான் எழுதினேன்’: குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கைச் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் வேலை பார்த்துவிட்டு அடுத்த வேலைக்கு இன்டர்வியூ போகிற இளைஞர்களோடு உட்கார்ந்து பேசுவது சில வருடங்களாக என் வழக்கம். கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பெண் கேட்டவை. விலைக்குக் கொழுந்து வாங்கித் தேயிலை தயாரிக்கும் ஒரு ஃபேக்டரியில் ஆபீஸ் உதவியாளராக இருந்தவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளும் இடமும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றவர்கள் கேட்டதையும் அவர் கதையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒரு கதையை முழுசாகப் பார்த்தால்தான் இந்த விஷயம் பிடிபடும்.

விறகுச் செலவைக் குறைத்தது நாங்கள் ஆறு பேரும் சேர்ந்துதான். ‘அதில் உங்கள் பங்கு என்ன?’ என்று கேட்டால் ‘சும்மா கணக்குதான் எழுதினேன்’ என்றுதான் வாயில் வருகிறது. அது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் கேட்டவர் அதை வைத்து என்ன புரிந்துகொள்வார் என்று பாருங்கள். யாரோ சொன்ன எண்ணை நோட்டில் ஏற்றிய ஆள் என்றுதான் நினைப்பார். நடந்தது அது இல்லையே.

என்ன நடந்தது என்று நாம் இருவரும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து தேதிவாரியாக எழுதினோம். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை நன்றாகப் பெய்யும். லாரியில் வந்த கற்பூர மரமும் சீகையும் மதில் ஓரம் திறந்தவெளியில் நனைந்துகொண்டே கிடக்கும். தேயிலையை உலர்த்தும் டிரையருக்குச் சூடான காற்று கொடுக்கும் ஹீட்டரில் அதைத்தான் போடுவார்கள். புகைதான் கிளம்பும், சூடு ஏறாது. இன்னும் நாலு கட்டை போடுவார்கள். புதிதாக வந்த விறகு முன்னால் கிடப்பதால் அதுவே முதலில் எரிந்துவிடும், பழையது பின்னால் ஊறிக்கொண்டே இருக்கும். லாரிச் சீட்டையும் அடுக்கையும் ஒத்துப்பார்த்து இதைக் கவனித்தவர் நீங்கள். அடுக்குக்கு அடுக்கு சாக்பீஸால் தேதி எழுதியவரும் நீங்கள்தான். ஒரு விறகுத் துண்டை எடைபோட்டு, டிரையர் மேல் சூட்டில் வைத்து, எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப எடைபோட்டு, லாரியில் வரும் விறகில் நூற்றுக்கு 45 பங்கு தண்ணீர் என்று கண்டுபிடித்ததும் நீங்கள். ஒரு பக்கத்தில் அதை எழுதி, கூரைக் கொட்டகை போடுங்கள் என்று மேனேஜரிடம் கொடுத்ததும் நீங்கள்.

இத்தனையையும் ‘கணக்கு எழுதினேன்’ என்ற இரண்டு வார்த்தைக்குள் அடைத்தால், அடக்கமாகப் பேசினோம் என்ற திருப்தி உங்களுக்குக் கிடைக்கும். எதிரில் இருப்பவருக்குக் கிடைப்பது தப்பான தகவல்.

அப்படியென்றால் என் பங்கு எவ்வளவு? ஆறில் ஒன்று என்று போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். பங்கைச் சதவீதத்தில் சொல்லவே முயல வேண்டாம்.

1979-இல் ராஸ், சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுசைத் தாண்டியது. யாரும் வேண்டுமென்று பெருக்கிச் சொல்லவில்லை. தான் செய்தது தனக்கு எளிதாக ஞாபகம் வருகிறது, மற்றவர் செய்தது அந்த அளவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் சரிகிறார்கள். நம் வீடுகளில் வளர்ந்த பலர் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் சரிகிறார்கள். இரண்டு பேரும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: மனசில் தோன்றும் ஒரு எண்ணை.

சதவீதம் சரிவராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொட்டகை இல்லாமல் விறகு காய்ந்திருக்காது. காய்ந்த விறகைச் சரியாகப் போடத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் கொட்டகையால் பெரிய லாபம் இருந்திருக்காது. ஒன்றில்லாமல் மற்றது நிற்காத வேலையை அப்பம் மாதிரி ஆறு துண்டாக வெட்ட முடியாது.

அதற்குப் பதிலாக நாலு வினைச்சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கவனித்தது யார், முடிவெடுத்தது யார், கையால் செய்தது யார், சரிபார்த்தது யார். உங்கள் கதையில் இதை நிரப்பியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. விறகு நனைகிறது என்று முதலில் சொன்னவர் நீங்கள் இல்லை. ஹீட்டர் போடும் பகல் ஷிப்ட் அண்ணன் ‘நனையாத விறகு கொடுங்க சார்’ என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்கு எண்ணைக் கொடுத்தது நீங்கள். கொட்டகைக்குப் பணம் ஒதுக்கி முடிவெடுத்தவர் மேனேஜர். இரண்டு மாதத்துக்கான விறகை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைக்கலாம் என்றவர், தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீ மேக்கர். விறகை மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, ஒரேயடியாகத் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட ஆரம்பித்தவர்கள் ஹீட்டர் போடும் இரண்டு ஷிப்ட் அண்ணன்மார். சூடு காற்று போகும் குழாய் இணைப்புகளில் கசிவை அடைத்து, ஹீட்டர் கதவின் இடுக்கை அடைக்கும் கயிற்றை மாற்றியவர் ஃபிட்டர்.

இப்படி எழுதிய தாளில் உங்கள் பெயர் ‘கவனித்தது’ பக்கம் பாதியாகவும், ‘முடிவெடுத்தது’ பக்கம் இல்லாமலும், ‘சரிபார்த்தது’ பக்கம் முழுசாகவும் இருந்தது. இன்டர்வியூவில் நீங்கள் சொல்ல வேண்டியது அந்தத் தாளில் இருப்பதைத்தான்.

போர்டில் ‘விறகு 39 சதவீதம் குறைந்தது’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அந்த எண்ணையே சொல்லலாமா?

சொல்லக்கூடாது. இதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. கடைசியில் அதைத் திருத்தியதே நீங்கள்தானே. மற்றவர்களுக்காக விரித்துச் சொல்கிறேன். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

முந்தின வருடம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு கிலோ தேயிலைக்கு 1.5 கிலோ விறகு. அந்த 1.5 லாரிச் சீட்டில் இருந்து வந்தது, அதாவது பச்சை விறகின் எடை. இந்த வருடம் அதே நாலு மாதத்துக்குப் போட்ட எண் 0.92. அது ஹீட்டர் பக்கத்தில் புதிதாக வைத்த தராசில் இருந்து வந்தது, அதாவது கொட்டகையில் காய்ந்த விறகின் எடை. 1.5-லிருந்து 0.92-க்கு இறங்கினால் 39 சதவீதம். கணக்கில் பிழை இல்லை. எடைபோட்ட இடம்தான் வேறு.

பச்சை விறகு 100 கிலோ என்றால் அதில் 45 கிலோ தண்ணீர், 55 கிலோதான் மரம். கொட்டகையில் காய்ந்து தண்ணீர் 28 சதவீதமாக இறங்கியபோது அதே விறகு 76 கிலோ ஆகிவிடும். மரம் அதே 55 கிலோதான். போன 24 கிலோ ஆவியாகிப் போனது. யாரும் மிச்சம் பிடித்தது இல்லை. காய்ந்த விறகு நன்றாக எரிவதால் உண்மையான மிச்சமும் உண்டு. ஆனால் அதைப் பார்க்க இரண்டு வருடத்தையும் ஒரே இடத்தில் எடைபோட வேண்டும். 0.92-ஐ லாரி எடைக்கு மாற்றினால் சுமார் 1.2 வரும். ஆக, 1.5-லிருந்து 1.2. இருபது சதவீதம்.

நாலு மாதத் தேயிலை 1,60,000 கிலோ. கிலோவுக்கு 0.3 மிச்சம் என்றால் 48,000 கிலோ விறகு. அவர்கள் வாங்கிய விலை கிலோ 4 ரூபாய் என்பதால் 1,92,000 ரூபாய். கொட்டகைச் செலவை இதில் கழித்துத்தான் சொல்ல வேண்டும். அதைக் கழிக்காமல் சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

இந்த 39-ஐ 20 ஆக்கியது யார்? கொட்டகையில் இருக்கும் அடுக்கையும் லாரிச் சீட்டையும் ஒத்துப்பார்த்து ‘வாங்கினதுக்கும் எரிச்சதுக்கும் இடையில இவ்வளவு விறகு எங்க போச்சு?’ என்று கேட்டவர் நீங்கள். முதலில் திருட்டு என்றுதான் டீ மேக்கர் நினைத்தாராம்! இன்டர்வியூவில் இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டால், உங்கள் வேலையிலேயே சிறந்த துண்டை விட்டுவிடுகிறீர்கள். தனக்குச் சாதகமான பெரிய எண்ணைத் தானே வெட்டிக் குறைத்த ஆளைத்தான் தரக்கட்டுப்பாட்டுக்குத் தேடுவார்கள்.

அந்த 20 சதவீதமும் எங்களால்தான் என்று எப்படித் தெரியும்? மழை குறைந்திருக்கலாம் இல்லையா?

இருக்கலாம். அதனால்தான் அடுத்தடுத்த மாதங்களை ஒப்பிடாமல் முந்தின வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிட்டோம். ஜனவரியில் பனி விழும், காற்று வறண்டிருக்கும். கொழுந்தை வாட்டுவதற்கு நவம்பரில் தேவைப்படும் சூடு காற்று அப்போது தேவைப்படாது. நவம்பரையும் ஜனவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எதுவும் செய்யாமலே விறகு குறைந்திருக்கும்.

உங்களிடம் இன்னொரு நல்ல தடயமும் இருந்தது. ஃபிட்டர் கசிவை அடைத்தது ஜனவரி முதல் வாரம். அதற்கு முந்தின இரண்டு மாதம் 1.56 இருந்தது 1.30 ஆனது, பிந்தின இரண்டு மாதம் 1.44 இருந்தது 1.10 ஆனது. முதல் குறைவு 0.26, அடுத்தது 0.34. இடையில் உள்ள 0.08-இல் ஃபிட்டர் கை இருக்கிறது என்று சொல்லலாம். முழுக்க அவருடையது என்று சொல்ல முடியாது, விறகும் அதற்குள் இன்னும் காய்ந்திருக்கும். ஆனால் அவர் வேலைக்கு ஒரு எண் கிடைத்ததே பெரிய விஷயம். வேறு யாரும் அதைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மழை அளவு பற்றிக் கேட்டால், ‘இரண்டு வருட மழையை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதால் ஒன்றும் குறையாது.

அம்மா ‘நிறைகுடம் தளும்பாது’ என்று சொல்லித்தான் வளர்த்தார். பாட்டி இன்னும் ஒரு படி மேலே. நாமே நம்மைப் பற்றிப் பேசுவது தப்பு என்று ரத்தத்தில் ஊறிவிட்டது. இதை எப்படி மாற்றுவது?

மாற்ற வேண்டாம். அம்மா சொன்னதில் தப்பு இல்லை. தமிழில் அந்தப் பேச்சின் அடுத்த பாதியும் இருக்கிறது, அது வீட்டில் சொல்லப்படாமல் போய்விட்டது.

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் ஒரு சூத்திரம் வருகிறது. எவ்வளவு அரிய நூலைச் செய்தவனாக இருந்தாலும் ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’ என்று முடியும். அம்மா கட்சி. அதற்கு அடுத்த சூத்திரமே, எந்த இடங்களில் தன்னைப் புகழ்வது தகும் என்று நாலு இடங்களைச் சொல்கிறது: அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்தபோது.

பயோடேட்டா என்பது ஓலை. இன்டர்வியூ என்பது உங்கள் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருப்பது. பாட்டி வீட்டுத் திண்ணை இந்த நாலில் எதிலும் வராது. அங்கே நீங்கள் பழையபடி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கல்யாண வீட்டில் ‘ஃபேக்டரியில என்னம்மா பண்ற?’ என்று பெரியப்பா கேட்டால் ‘ஆபீஸ்ல இருக்கேன் பெரியப்பா’ என்பதே போதும்.

வேறுபாடு இவ்வளவுதான்: தெரிந்தவர்கள் நடுவில் உங்கள் வேலையை அவர்களே பார்த்திருப்பார்கள், நீங்கள் சொன்னால் அது கூடுதல். தெரியாதவர்களுக்கு நீங்கள் சொல்லாவிட்டால் வேறு வழியே இல்லை.

‘நான்’, ‘நான்’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ‘நாங்கள்’ என்று சொன்னால்தான் வாய் நிம்மதியாகிறது.

தமிழில் ‘நான்’ சொல்லவே தேவையில்லை. வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். ‘விறகை எடைபோட்டேன். டிரையர் மேல் வைத்துக் காயவைத்தேன். மூன்று நாள் எடை பார்த்தேன்.’ மூன்று வாக்கியத்தில் ஒரு ‘நான்’ கூட இல்லை. ஆனால் யார் செய்தது என்பதில் சந்தேகமும் இல்லை. நம் காதுக்கு உறுத்துவது ‘நான்’ என்ற சொல்தான், ‘-ஏன்’ என்ற விகுதி உறுத்துவதில்லை. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

கூச்சம் எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதையும் பார்த்துவைக்க வேண்டும். உங்கள் முதல் பயோடேட்டாவில் ‘விறகு ஈரப்பதம் கண்டறியப்பட்டது’ என்று இருந்தது. யாரால்? ‘-பட்டது’ போட்டால் ஆளே காணாமல் போய்விடுவார். அப்புறம் ‘கூட இருந்தேன்’, ‘உதவி பண்ணினேன்’, ‘பார்த்துக்கொண்டேன்’. இவை எல்லாம் உண்மையாகவே உதவி செய்த இடத்தில் சரி. கொட்டகை அடுக்கும்போது நீங்கள் உதவிதான் செய்தீர்கள், அங்கே அப்படியே விடுங்கள். ஈரப்பதம் பார்த்ததில் உங்களுக்கு யாரும் உதவவில்லையே.

‘நாங்கள்’ என்பதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. முடிவை ‘-ஓம்’ போட்டுச் சொல்லுங்கள், வேலையை ‘-ஏன்’ போட்டுச் சொல்லுங்கள். ‘விறகை இருபது சதவீதம் குறைத்தோம். அதில் ஈரப்பதத்தை அளந்தேன், எடைக் கணக்கைத் திருத்தினேன்.’ இதைவிட நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்ன விஷயம். ‘நாம குறைச்சோம்’ என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடாதீர்கள். எதிரில் இருப்பவரும் சேர்ந்து குறைத்த மாதிரி ஆகிவிடும். பதற்றத்தில் இது நிறையப் பேருக்கு வருகிறது.

ஹீட்டர் அண்ணனுக்குப் படிப்பு இல்லை. இன்டர்வியூவுக்கெல்லாம் அவர் போகப்போவதும் இல்லை. அவர் உழைப்பில் நான் பெயர் வாங்குவது பாவம் இல்லையா?

அவர் செய்ததை விட்டுவிட்டுச் சொன்னால் பாவம்தான். சேர்த்துச் சொன்னால் இல்லை. ‘விறகு நனைவதுதான் பிரச்சினை என்று ஹீட்டர் போடும் அண்ணன் முதலிலேயே சொன்னார், அதை அளந்து காட்டியது என் வேலை’ என்று சொல்லும்போது இரண்டு பேரும் அந்த வாக்கியத்தில் இருக்கிறீர்கள். ‘டீம் சப்போர்ட் பண்ணினாங்க’ என்றால் அவரும் இல்லை, நீங்களும் இல்லை.

இங்கே என் அனுபவம் ஒன்று. முதலில் வேலை பார்த்த ஃபேக்டரியில், மழைக்காலத்தில் கொழுந்து சரியாக வாடாமல் தூள் தரம் இறங்கிக்கொண்டிருந்தது. வாட்டும் டிரஃப்களில் கொழுந்தைப் பரப்பும் கனத்தைக் குறைத்து, மின்விசிறி நேரத்தை மாற்றிப் பார்த்தவர்கள் நானும் இரண்டு பெண் தொழிலாளர்களும். முதலாளி வந்து கேட்டபோது ‘எல்லாம் டீ மேக்கர் ஐயா சொன்னபடிதான்’ என்றேன். பணிவாம். அந்த வருடம் டீ மேக்கருக்குச் சம்பளம் ஏறியது, அவர் மறுக்கவும் இல்லை. அடுத்த சீசனில் அந்த இரண்டு பெண்களையும் கொழுந்து இறக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பழைய கனத்திலேயே பரப்பினார்கள், தரம் மறுபடி இறங்கியது. நான் என் பங்கை மறைத்தபோது அவர்கள் பங்கையும் சேர்த்தே மறைத்திருக்கிறேன். விட்டுக்கொடுத்த பெயர் கீழே இருப்பவர்களுக்குப் போகும் என்று நினைத்தேன். அது மேலேதான் போனது.

ஆண்களோடு சேர்ந்து செய்த வேலையில் மட்டும் எனக்கு இப்படி ஆகிறது என்று தோன்றுகிறது. தோழிகளோடு செய்ததில் இப்படி இல்லை. இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. ஹெய்ன்ஸ், ஹெய்ல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இதேதான் வந்தது. ஆணோடு சேர்ந்து வெற்றி பெற்ற வேலையில் பெண்கள் தங்கள் பங்கைக் குறைத்துச் சொன்னார்கள். கூட்டாளி பெண்ணாக இருந்தபோது அப்படி இல்லை. யார் எதைச் செய்தார்கள் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தபோதும் அந்தக் குறைப்பு மறைந்தது.

கடைசி வரிதான் நமக்குப் பயன்படுவது. தைரியத்தை வளர்த்துக்கொண்டு அப்புறம் பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம், தாளைத் தெளிவாக்குங்கள். நாலு வினைச்சொல் தாள் கையில் இருந்தபோது நீங்கள் பேசிய தோரணையே வேறு.

மேனேஜர் முழு விஷயத்தையும் தன் பெயரில் ஹெட் ஆபீசுக்கு அறிக்கையாக அனுப்பிவிட்டார். இப்போது நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

முதலில் அவர் பக்கம் பார்த்துவிடுவோம். ஃபேக்டரி அறிக்கை மேனேஜர் கையெழுத்தில்தான் போகும், அது நடைமுறை. கையெழுத்துப் போட்டதாலேயே திருடிவிட்டார் என்று ஆகாது. அறிக்கைக்குள் ‘நான் ஈரப்பதத்தை ஆராய்ந்ததில்’ என்று எழுதியிருந்தால் அது வேறு.

உங்கள் விஷயத்தில் அவர் ‘ஆராய்ந்ததில்’ என்று ஆளே இல்லாமல் எழுதியிருந்தார். சண்டைக்குப் போகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, சும்மா விடுகிற அளவுக்கும் இல்லை. நாம் செய்தது ஒரு சின்னக் கடிதம்: ‘சார், விறகு அறிக்கை பார்த்தேன். ஈரப்பதம் அளந்த நோட்டும், லாரி எடைக்கு மாற்றிய கணக்கும் என்னிடம் இருக்கின்றன. ஹெட் ஆபீசில் விளக்கம் கேட்டால் நானே வந்து சொல்கிறேன். நனைந்த விறகு பற்றி முதலில் சொன்னது பகல் ஷிப்ட் ஹீட்டர் அண்ணன், அவர் பெயரும் சேர்ந்தால் நன்றாக இருக்கும்.’ குற்றச்சாட்டு ஒரு சொல் இல்லை. ஆனால் யார் எதைச் செய்தார் என்பது தேதியோடு பதிவாகிவிட்டது. மேனேஜர் ‘சரிம்மா’ என்று மட்டும் சொன்னார். ஹீட்டர் அண்ணன் பெயர் அடுத்த அறிக்கையில் வந்தது. உங்கள் பெயர் வரவில்லை. அதுவும் நடக்கும்.

பழைய வேலை. என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

ஃபேக்டரி ரிஜிஸ்டரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளும் யோசனை வேண்டாம், அது அவர்கள் சொத்து. கூட வேலை பார்த்தவர் ஒருவரிடம் பேசி உங்கள் ஞாபகத்தைச் சரிபாருங்கள். அவருக்கு ஞாபகம் வராததைச் சொல்லாமல் விடுங்கள். இனிமேல் செய்யும் வேலைக்கு, வாரம் ஒரு முறை சொந்த டைரியில் இரண்டு வரி போதும்: என்ன கவனித்தேன், யாரிடம் சொன்னேன்.

எல்லாம் சொன்ன பிறகு ‘எல்லாம் நீங்களே செய்தீர்கள் என்றால் மற்றவர்கள் என்ன செய்தார்கள்?’ என்று மடக்கினால்?

மடக்குவதற்காகவே கேட்பார்கள். பல பேர் இங்கேதான் பதறிப்போய் ‘இல்ல சார், எல்லாரும்தான், நான் சும்மா...’ என்று ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். உங்களிடம் தாள் இருப்பதால் இது சுலபமான கேள்வி. இன்டர்வியூ அன்றைக்கு நீங்கள் சொன்னதாக என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்:

‘கொட்டகை போட முடிவெடுத்தது மேனேஜர் சார். இரண்டு மாத விறகை முன்கூட்டியே வாங்கச் சொன்னது டீ மேக்கர். பிளந்து, அளவாகப் போட்டது ஹீட்டர் அண்ணன் இரண்டு பேர். அவர்கள் இல்லாவிட்டால் காய்ந்த விறகும் வீணாகியிருக்கும். கசிவை அடைத்தது ஃபிட்டர், ஜனவரிக்குப் பிறகு வந்த கூடுதல் குறைவில் அவர் பங்கு இருக்கிறது. ஈரப்பதத்தை அளந்தேன், அடுக்குக்குத் தேதி போட்டேன், எழுதிக் கொடுத்தேன். முதலில் 39 சதவீதம் என்று வந்ததைத் திருத்தி 20 ஆக்கினேன்.’

‘ஏன் குறைச்சீங்க?’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். தண்ணீர்க் கணக்கை அவர் மேஜையில் இருந்த தாளிலேயே எழுதிக் காட்டியிருக்கிறீர்கள். மிச்ச நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு; அவர்கள் ஃபேக்டரியிலும் தராசு ஹீட்டர் பக்கத்தில்தான் இருந்ததாம்.